விண்மீனுக்குப் பின்னால் மூன்று ஆர்க் செகண்ட்

ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானோக்கு நிலையம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் இருந்து வானத்தைப் பார்த்துவருகிறது. அதன் முன்னால் எப்போதும் ஒரே சிக்கல்தான். பூமி சுழல்வதால், பார்க்கவேண்டிய விண்மீன் ஒரு கணமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் வானம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 15.04 ஆர்க் செகண்ட். ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

இந்த நகர்வை ஈடுகட்ட, தொலைநோக்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.5 டிகிரி என்பதால் அந்த அச்சும் தரையிலிருந்து அவ்வளவுதான் எழும்பி நிற்கிறது. அந்த அச்சை ஒரே சீரான வேகத்தில் திருப்பினால் போதும், விண்மீன் பார்வைக்குள்ளேயே இருக்கும். பொறியியல் கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் படித்தவர்களுக்கு இது நன்றாகப் பழகிய கேள்வி: ராம்ப் உள்ளீடு கொடுத்தால் ஸ்டெடி ஸ்டேட் எரர் எவ்வளவு? தேர்வில் அதை ஓர் அட்டவணையைப் பார்த்து எழுதிவிடலாம். அந்த அட்டவணையில் உள்ள பூஜ்யங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரு தொலைநோக்கி மோட்டாரை வைத்துப் பார்ப்போம். கீழே வரும் மோட்டார் எண்கள் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டவை. காவலூர் தொலைநோக்கியின் அளவீடுகள் அல்ல.

பிழைதான் கட்டளை

அச்சு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை என்கோடர் என்ற கருவி அளக்கிறது. எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும் என்பதைக் கணினி நேரத்தைப் பார்த்துச் சொல்கிறது. இருக்கவேண்டிய கோணத்திலிருந்து இருக்கும் கோணத்தைக் கழித்தால் வருவது பிழை. அளந்த கோணத்தை எதனாலும் பெருக்காமல் அப்படியே கொண்டுவந்து கழிப்பதால் இந்த அமைப்புக்கு யூனிட்டி ஃபீட்பேக் என்று பெயர்.

அந்தப் பிழையைக் கணினி ஒரு எண்ணால் பெருக்கி, மோட்டாருக்கு வேகக் கட்டளையாக அனுப்புகிறது. அந்த எண்தான் கெயின். நம் கணக்கில் அது 5. பிழை 1 ஆர்க் செகண்ட் என்றால், விநாடிக்கு 5 ஆர்க் செகண்ட் வேகத்தில் திரும்பு என்று கட்டளை போகும். மோட்டார் கட்டளையை உடனே எட்டிவிடாது, சுமார் 0.1 விநாடி தாமதித்தே அந்த வேகத்துக்கு வரும்.

முதலில் நிற்கும் இலக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொலைநோக்கி ஓரிடத்தில் நிற்கிறது. அங்கிருந்து 60 ஆர்க் செகண்ட் தள்ளிப் போய் நில் என்கிறோம். இதுதான் ஸ்டெப் உள்ளீடு. பிழை 60, வேகக் கட்டளை 300. அச்சு நகர நகரப் பிழை குறைகிறது, கட்டளையும் குறைகிறது. பிழை 0.01 ஆர்க் செகண்டாகச் சுருங்கினாலும் விநாடிக்கு 0.05 என்ற வேகம் மிச்சமிருக்கும். அச்சு ஊர்ந்துகொண்டே இருக்கும். பிழை பூஜ்யமானால்தான் அது நிற்கும். நிற்பதற்குத் தேவையான வேகம் பூஜ்யம், பூஜ்யப் பிழை தருவதும் பூஜ்ய வேகம். இரண்டும் பொருந்திவிடுகின்றன. ஆகவே ஸ்டெப்புக்கு ஸ்டெடி ஸ்டேட் எரர் இல்லை.

இப்போது விண்மீன். அதன் கோணத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரே சரிவில் ஏறும் நேர்க்கோடு கிடைக்கும். இதுதான் ராம்ப். அச்சு விண்மீனோடு போகவேண்டுமானால் விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் வேகத்தில் ஓயாமல் திரும்பவேண்டும். அந்த வேகத்துக்கான கட்டளை எங்கிருந்து வரும்? பிழையிலிருந்துதான், வேறு வழியே இல்லை. பிழையை 5-ஆல் பெருக்கினால் 15 வரவேண்டும் என்றால், பிழை 3 ஆர்க் செகண்டாக இருந்தாகவேண்டும்.

அந்த 3 தற்செயலாக அமைந்ததல்ல. பிழை 2-ஆக இருந்தால் வேகம் 10. விண்மீன் 15-இல் போவதால் இடைவெளி கூடும். பிழை 4-ஆக இருந்தால் வேகம் 20. அச்சு எட்டிப்பிடித்து இடைவெளியைக் குறைக்கும். இரண்டு பக்கமிருந்தும் பிழை 3-க்கே வந்து சேர்கிறது. சேர்ந்தபின் அச்சும் விண்மீனும் ஒரே வேகத்தில் போகின்றன. இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. பிழை முழுதாக ஒழிந்தால் கட்டளையும் ஒழிந்துபோகும், அச்சு நின்றுவிடும்.

இந்த 3 ஆர்க் செகண்ட் பின்தங்கல் உண்மையில் தொல்லையா? படம் எடுப்பவருக்குப் பெரிய தொல்லையில்லை. பின்தங்கல் மாறாமல் இருப்பதால் படம் கலங்காது. விண்மீன் நடுவிலிருந்து சற்று விலகித் தெரியும், அவ்வளவுதான். ஒளியைப் பிரித்து ஆராயும் ஸ்பெக்ட்ரோகிராஃப் வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. அதன் நுழைவுப் பிளவு 2 ஆர்க் செகண்ட் அகலம் என்றால், 3 ஆர்க் செகண்ட் தள்ளி நிற்கும் விண்மீனின் ஒளி உள்ளேயே நுழையாது. ‘எப்போதும் 3 தானே, அதை முன்கூட்டியே கூட்டிக் கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். விண்மீன்களை மட்டும் பார்க்கும்வரை அது சரிவரும். வேறு வேகத்தில் நகரும் வால்மீனுக்கோ செயற்கைக்கோளுக்கோ திருப்பினால் பின்தங்கலும் மாறிவிடும். வேகம் இரட்டித்தால் 3 என்பது 6 ஆகிவிடும்.

டைப் என்பது எதை எண்ணுகிறது

மோட்டாருக்குக் கொடுப்பது வேகம், கிடைப்பது கோணம். வேகத்தை விநாடிக்கு விநாடி கூட்டிக்கொண்டே போனால்தான் கோணம் வரும். இப்படிக் கூட்டிச் சேர்த்து வைப்பதை இன்டெகிரேட்டர் என்கிறோம். கணித வாய்பாட்டில் அது கீழ்ப்பகுதியில் தனித்து நிற்கும் ஒரு `s`. நம் அமைப்பின் வாய்பாடு இது:

`G(s) = 5 / ( s (0.1s + 1) )`

அடைப்புக்குள் இருக்கும் `0.1s + 1` மோட்டாரின் தாமதம். அது கணக்கில் சேராது. வெளியே தனித்து நிற்கும் `s` எத்தனை என்று எண்ணினால் அதுதான் சிஸ்டம் டைப். இங்கே ஒன்று, ஆகவே டைப் 1. `s` பூஜ்யத்தை நெருங்கும்போது `s G(s)` எந்த எண்ணை நெருங்குகிறதோ அது வேக மாறிலி, `Kv`. இங்கே அது 5. ராம்ப்பின் சரிவை `Kv`-ஆல் வகுத்தால் பிழை: 15 / 5 = 3. மேலே வாய்க்கணக்காகப் பார்த்ததும் இதுவே.

இன்டெகிரேட்டரே இல்லாவிட்டால்? அதுதான் டைப் 0, தொலைநோக்கிகளின் பழைய தலைவலி. மோட்டார் இல்லாத காலத்தில் எடைக்கற்களின் இழுவையால் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். சுழலும் குண்டுகள் கொண்ட கவர்னர் வேகத்தைச் சீர்ப்படுத்தியது. கிரீனிச்சில் அரச வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏரி, தொலைநோக்கியைத் திருப்பும் இப்படிப்பட்ட கவர்னர்கள் சில வேளை கட்டுக்கு அடங்காமல் ஆடுவதைக் கண்டு, 1840-இல் அதைக் கணிதமாக ஆராய்ந்து எழுதினார். 1868-இல் கவர்னர்களைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இன்னொரு வேறுபாட்டையும் எடுத்துச் சொன்னார். சில கருவிகள் சுமை கூடினால் வேகத்தைச் சற்றுக் குறைவான ஓர் அளவிலேயே நிலைக்கவிடும். வேறு சில, வேகத்தைப் பழைய அளவுக்கே மீட்டுக்கொண்டுவரும். முதல் வகைக்கு மாடரேட்டர் என்றும் இரண்டாவது வகைக்குத்தான் உண்மையான கவர்னர் என்றும் அவர் பெயர் வைத்தார். இன்றைய பேச்சில் சொன்னால், முதலாவதில் இன்டெகிரேட்டர் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது.

முதல் வகையில் ஏன் குறை நீங்குவதில்லை? சுமை இருக்கும்வரை கூடுதல் விசை வேண்டும். அந்த விசை வேகக் குறைவிலிருந்துதான் பிறக்கிறது. விண்மீனை மோட்டார் துரத்தியபோது பார்த்த அதே தர்க்கம். டைப் 0-இல் ஸ்டெப் உள்ளீட்டுக்கே பிழை மிஞ்சும், அளவு `1 / (1 + Kp)`. `Kp` என்பது `s` பூஜ்யமாகும்போது `G(s)`-இன் மதிப்பு. அது 99 என்று வைத்துக்கொண்டால் வேகத்தில் 1 சதவீதக் குறை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 15-இல் 1 சதவீதம் விநாடிக்கு 0.15 ஆர்க் செகண்ட், நிமிடத்துக்கு 9, ஒரு மணி நேரத்தில் 540 ஆர்க் செகண்ட், அதாவது நிலாவின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. விண்மீன் எப்போதோ பார்வையைவிட்டுப் போயிருக்கும். டைப் 0 அமைப்பு ராம்ப்பைத் துரத்தினால் பிழைக்கு எல்லையே இல்லை என்று அட்டவணை சொல்வதற்குப் பின்னாலும் இதே தர்க்கம்தான். ஏறிக்கொண்டே போகும் வெளியீட்டுக்கு ஏறிக்கொண்டே போகும் பிழை வேண்டும்.

கெயினைக் கூட்டினால் என்ன?

3 ஆர்க் செகண்ட் அதிகம் என்றால், கெயினைப் பத்து மடங்காக்கி 50 வைத்தால் பிழை 0.3 ஆகிவிடுமே? ஆகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கெயின் 5-ஆக இருந்தபோது நம் அமைப்பின் தணிப்பு விகிதம் 0.7, ஸ்டெப் கொடுத்தால் இலக்கைத் தாண்டுவது வெறும் 4 சதவீதம். கெயின் 50 ஆனதும் தணிப்பு 0.22-க்கு இறங்கிவிடுகிறது, தாண்டல் ஏறத்தாழ 50 சதவீதமாகிறது. 60 ஆர்க் செகண்ட் நகரச் சொன்னால் 90 வரை போய், திரும்பி வந்து, மறுபடி ஆடி, பிறகுதான் அடங்கும். அந்த ஆட்டம் விநாடிக்கு மூன்றரை முறை என்ற வேகத்தில் நடக்கும். பெரிய தொலைநோக்கிகளின் இரும்புக் கட்டமைப்பு தானாக அதிரும் வேகமும் பெரும்பாலும் விநாடிக்குச் சில முறைதான். இரண்டும் நெருங்கினால் மொத்தக் கட்டமைப்பும் நடுங்கத் தொடங்கிவிடும். நம் வாய்பாட்டில் இந்த அதிர்வு இடம்பெறவே இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். காகிதத்தில் நிலையாக இருப்பது இரும்பில் நிலையாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

நினைவுள்ள கன்ட்ரோலர்

நம் தேவை, பிழை இல்லாதபோதும் 15 என்ற கட்டளை போய்க்கொண்டிருக்கவேண்டும் என்பதே. அதற்குக் கன்ட்ரோலரில் ஒரு நினைவு வேண்டும். பிழையைப் பெருக்கி அனுப்புவதோடு, இதுவரை வந்த பிழைகளைக் கூட்டி ஒரு சேமிப்பிலும் வைத்து, அந்தச் சேமிப்பையும் கட்டளையோடு சேர்த்து அனுப்பச் செய்கிறோம். இது இரண்டாவது இன்டெகிரேட்டர். அமைப்பு டைப் 2 ஆகிறது.

விண்மீனைத் துரத்தத் தொடங்கியதும் பிழை எழுகிறது. சேமிப்பு நிரம்புகிறது, அதனால் கட்டளை கூடுகிறது, பிழை குறைகிறது. பிழை இருக்கும்வரை சேமிப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். அது சரியாக 15 என்ற கட்டளையைத் தரும் அளவுக்கு நிரம்பியபின் பிழை பூஜ்யமாகிறது. பூஜ்யத்தைக் கூட்டினால் சேமிப்பு மாறாது. ஆகவே அச்சு 15-இல் திரும்பிக்கொண்டே இருக்கிறது, பின்தங்கல் இல்லை. வால்மீனுக்குத் திருப்பினால் சேமிப்பு தானாகவே புதிய வேகத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். யாரும் எதையும் கூட்டிக் கொடுக்கவேண்டியதில்லை.

நம் கணக்கில் பழைய கெயின் 5-ஐ அப்படியே வைத்து, சேமிப்பின் கெயினை 2.5 என்று வைக்கலாம். அப்போது கடைசியாக எஞ்சும் மந்தமான பகுதியின் கால மாறிலி 1.8 விநாடி. விண்மீனைப் பிடித்து ஏழெட்டு விநாடியில் பிழை மறைந்துவிடும். மணிக்கணக்கில் பார்க்கப்போகும் தொலைநோக்கிக்கு ஏழெட்டு விநாடி ஒரு பொருட்டல்ல. சேமிப்பின் கெயினை ஏற்றிக்கொண்டே போனால் 50-இல் அமைப்பு நிலைகுலைந்துவிடும். அதைத் தாண்டினால் பிழை பூஜ்யம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இறுதிப் பிழையைக் கணக்கிடும் வாய்பாடுகள் எல்லாம் நிலையான அமைப்புக்கு மட்டும்தான் பொருந்தும். மாணவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்: நிலைத்தன்மையை முதலில் சோதித்த பிறகே அட்டவணையைத் தொடவேண்டும்.

டைப் 2-க்கு இன்னொரு விலையும் உண்டு. ஸ்டெப் கொடுத்தால் அது இலக்கைத் தாண்டாமல் இருக்கவே முடியாது. காரணத்தைச் சேமிப்பிலேயே பார்க்கலாம். அச்சு நகரும்போது வந்த பிழைகள் எல்லாம் சேமிப்பில் ஏறியிருக்கும். அச்சு கடைசியில் நிற்கவேண்டுமானால் சேமிப்பு பூஜ்யத்துக்குத் திரும்பவேண்டும். ஏறியதை இறக்க எதிர்ப்பக்கப் பிழை வேண்டும். எதிர்ப்பக்கப் பிழை என்றால் இலக்கைத் தாண்டிப் போவது. எப்படித் திருத்தி அமைத்தாலும் தாண்டலின் அளவைக் குறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது.

ஒரு விண்மீனிலிருந்து 30 டிகிரி தள்ளியுள்ள இன்னொன்றுக்குத் திரும்பும்போது இது பெரிய சிக்கலாகிவிடும். மோட்டார் தன் உச்ச வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிழையோ இன்னும் லட்சம் ஆர்க் செகண்ட் இருக்கும். சேமிப்பு தேவையில்லாமல் வீங்கிக்கொண்டே போகும். இலக்கை அடைந்தபின்னும் அந்தச் சேமிப்பு அச்சை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் நீண்ட நகர்வின்போது இன்டெகிரேட்டரை நிறுத்தி வைத்து, இலக்குக்கு அருகில் வந்ததும் இயக்குவது வழக்கம். இல்லையென்றால் சேமிப்புக்கு ஓர் உச்சவரம்பு வைப்பார்கள்.

காற்று கேட்கும் கேள்வி

டைப் 1 என்றால் ஸ்டெப்புக்குப் பிழை பூஜ்யம் என்று பார்த்தோம். தொலைநோக்கி ஒரே திசையில் நிற்கிறது. காற்று ஒரு பக்கமாக விடாமல் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தள்ளல் அச்சை விநாடிக்கு 2 ஆர்க் செகண்ட் வேகத்தில் நகர்த்தப் பார்க்கும் என்றால், மோட்டார் எதிர்த்திசையில் அதே அளவு கட்டளை பெறவேண்டும். 5 மடங்கு பிழை 2 ஆகவேண்டும், பிழை 0.4 ஆர்க் செகண்ட். காற்று வீசும்வரை அது நீங்காது.

இன்டெகிரேட்டர் ஒன்று இருந்தும் ஏன் உதவவில்லை? அது மோட்டாரிலேயே, காற்று நுழையும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. காற்றின் தள்ளலையும் சேர்த்துத்தான் அது கூட்டுகிறது. காற்றை எதிர்க்கும் கட்டளையை யாராவது நினைவில் வைக்கவேண்டுமானால், அது கன்ட்ரோலரில், காற்று நுழைவதற்கு முன்னால் இருந்தாகவேண்டும். ஆகவே டைப்பை எண்ணும்போது, எந்த உள்ளீட்டுக்காக எண்ணுகிறோம் என்பதையும் கேட்கவேண்டும். கட்டளைக்கு டைப் 1 ஆன இதே அமைப்பு, காற்றைப் பொறுத்தவரை டைப் 0 போலத்தான் நடந்துகொள்கிறது.

பதிவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

தொலைநோக்கியின் பிழைப் பதிவு ஓரளவில் நிலைத்து நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று முதலில் பார்க்கலாம். ஏறிக்கொண்டே போனால் இன்டெகிரேட்டர் போதவில்லை, அல்லது ஏதோ ஒன்று நழுவுகிறது. ஓரளவில் நின்றால், பின்தொடரும் வேகத்தைப் பாதியாக்கிப் பார்க்கவேண்டும். பிழையும் பாதியானால், திசையை மாற்றும்போது பிழையின் குறியும் மாறினால், அது டைப் 1-இன் பின்தங்கல். வேகத்தை மாற்றியும் அசையாமல் நின்றால் காற்றோ சமநிலை தவறிய எடையோ காரணமாக இருக்கும். பிழை ஒரு நிலையில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தால் உராய்வைச் சந்தேகிக்கவேண்டும். 15 ஆர்க் செகண்ட் மிக மெதுவான வேகம்; அச்சு ஒட்டிக்கொண்டு பிறகு திடீரென்று விடும். ஒட்டியிருக்கும்போது சேமிப்பு ஏறும். விடும்போது அச்சு குதிக்கும். அங்கே இன்டெகிரேட்டரே ஆட்டத்துக்குத் துணைபோகிறது.

பதிவில் பிழை பூஜ்யமாகக் காட்டியும் விண்மீன் நடுவில் இல்லாமல் போவதும் உண்டு. இன்டெகிரேட்டர் பூஜ்யமாக்குவது என்கோடர் காணும் பிழையை மட்டுமே. குழாய் வளைந்தாலும், வளிமண்டலம் ஒளியை வளைத்தாலும் என்கோடருக்குத் தெரியாது. அதற்காகத்தான் பக்கத்து விண்மீன் ஒன்றை ஒரு கேமரா தனியாகக் கவனித்து, விலகலைப் படத்திலேயே அளந்து, இருக்கவேண்டிய கோணத்தைத் திருத்துகிறது.

இவ்வளவு நல்லதென்றால் மூன்றாவது, நான்காவது இன்டெகிரேட்டரையும் சேர்க்கலாமே? ஒவ்வொரு இன்டெகிரேட்டரும் சைகையை 90 டிகிரி பின்னுக்குத் தள்ளுகிறது; இரண்டுக்கு மேல் போனால் நிலைத்தன்மையைக் காப்பது கடினம். எத்தனை வேண்டும் என்பதை இலக்கின் நகர்வே சொல்லிவிடும். இலக்கு நின்றால் ஒன்று போதும். சீரான வேகத்தில் நகர்ந்தால் இரண்டு. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் திரும்பும் இக்காலத் தொலைநோக்கிகளில் வேகமே மாறிக்கொண்டிருக்கும், குறிப்பாக விண்மீன் தலைக்கு மேலே வரும்போது. அங்கே டைப் 2 கூடச் சிறிது பின்தங்கும். கணினிக்கு விண்மீனின் வேகம் முன்பே தெரியும் என்பதால், அந்த மிச்சத்தை அடுத்த இன்டெகிரேட்டரிடம் விடாமல், தெரிந்த வேகத்தை நேரடியாகக் கட்டளையில் கூட்டிவிடுகிறார்கள். அதன்பின் இன்டெகிரேட்டருக்கு மிஞ்சும் வேலை, காற்றும் உராய்வும் போல முன்கூட்டித் தெரியாதவற்றைச் சமாளிப்பது மட்டும்தான்.